சிவப்பு மாத்திரையும் காலைக் காப்பியும்: எங்க குடும்பக் குழுவுல

கவிதா (அம்மாப்பேட்டை): அத்தை, ஆறாம் மாச செக்கப் போனேன். ரத்தத்துல ஹீமோகுளோபின் 9.4 தானாம். போன மாசமும் அவ்வளவுதான். சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை தினம் ரெண்டு போடச் சொல்லியிருந்தாங்க. போட்டாலே குமட்டுது, வெளிக்கி கருப்பா போகுது. பயந்துபோய் நிறுத்திட்டேன்.

செல்வி சித்தி: பாலோட போடு கண்ணு, வயித்தைப் பிரட்டாது. நான் அப்படித்தான் போட்டேன்.

பாட்டி: அந்த மாத்திரையை நிறையத் தின்னா புள்ள கருப்பாப் பொறக்கும்னு சொல்வாங்களே.

ஏற்காடு அத்தை: அம்மா, புள்ள நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதைக் கேட்டு நிறுத்துனவங்களை நான் நர்ஸா இருந்தப்ப நிறையப் பாத்திருக்கேன். கவிதா, உடம்புல சேராத இரும்புதான் கருப்பா வெளிய வருது, பயப்படாத. எப்ப, எதோட போட்ட?

கவிதா: காலைல காப்பி குடிச்ச கையோட ஒண்ணு. ராத்திரி சாப்பிட்டதும் கால்சியம் மாத்திரையோட ஒண்ணு.

ஏற்காடு அத்தை: அப்ப ரெண்டும் பாதி வீணாத்தான் போயிருக்கும். நம்ம தோட்டத்துக் காப்பியா இருந்தாலும் இரும்பை உடம்புல சேர விடாது, டீயும் அப்படித்தான். கால்சியமும் பாலும் அதே வேலையைச் செய்யும். செல்வி, பாலோட போட்டா வயித்துக்கு இதமா இருக்கும், ஆனா சத்து சேராது.

செல்வி சித்தி: ஓ, அப்படியா. எனக்கு யாரும் சொல்லல.

ஏற்காடு அத்தை: கால்சியத்தை காலை டிபனோடயும் மதியச் சோத்தோடயும் வச்சுக்கோ. இரும்பு ஒண்ணு பதினோரு மணிக்கு, எலுமிச்சை ஜூஸோட. இன்னொண்ணு ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, படுக்கறப்ப. தூங்கிட்டா குமட்டல் தெரியாது. அப்பவும் முடியலன்னா சோறு சாப்பிட்ட உடனே போடு. கொஞ்சம் கம்மியாத்தான் சேரும், ஆனா நிறுத்தறதுக்கு அது எவ்வளவோ மேல். மலச்சிக்கல் வந்தா தண்ணி, கீரை, கொய்யா.

அருண்: அத்தை, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா நல்லா சேரும்னு படிச்சேனே?

ஏற்காடு அத்தை: ஒரு மாத்திரை போட்டா உடம்பு ஒரு நாளைக்கு இரும்பைக் கம்மியா வாங்கும், அது உண்மைதான். ஆனா கர்ப்பத்துல, அதுவும் ரத்தம் கம்மியா இருக்கறப்ப, நாமளா மாத்தக் கூடாது. டாக்டரைக் கேக்கட்டும். கவிதா, ஒரு மாசத்துல ஒரு கிராமாவது ஏறணும். ஒழுங்காப் போட்டும் ஏறலன்னா வேற காரணம் பாப்பாங்க, ட்ரிப்ஸ்ல இரும்பு ஏத்தவும் சொல்லலாம். 11 தாண்டிட்டா தெம்பு வந்துருச்சுன்னு விட்டுடாத, பிரசவம் ஆன பிறகும் ஆறு மாசம் உண்டு.

கவிதா: சரிங்க அத்தை. இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கறேன்.

சூரமங்கலம் மாமா: எனக்கும் நாலு நாளா கருப்பாத்தான் போகுது. அப்ப ஒண்ணும் இல்லையே?

ஏற்காடு அத்தை: நீங்க இரும்பு மாத்திரை போடறீங்களா?

சூரமங்கலம் மாமா: இல்ல, முட்டி வலி மாத்திரைதான்.

ஏற்காடு அத்தை: தார் மாதிரி ஒட்டுதா? நாத்தம் அதிகமா இருக்கா?

சூரமங்கலம் மாமா: ஆமா. கொஞ்சம் கிறுகிறுப்பும் இருக்கு.

ஏற்காடு அத்தை: இது வேற விஷயம். வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம். வலி மாத்திரையைப் போடாதீங்க, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

சூரமங்கலம் மாமா: இன்னைக்கு ஒரு கல்யாணம் இருக்கு. நாளைக்குப் போறேனே.

அருண்: மாமா, கார் எடுத்துட்டேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன், மாத்திரை அட்டையைக் கையில வச்சுக்கங்க.