ரூக்கி கார்டு: புதுமுக அட்டையா, அறிமுக அட்டையா?

கோமதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டுச் சொற்களின் தொகுப்பில் ‘ரூக்கி கார்டு’ என்ற வரிக்கு நேரே இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. அமெரிக்காவில் பேஸ்பால், கூடைப்பந்து வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேகரிப்பவர்கள் மிகுதியாகப் புழங்கும் சொல் இதுதான். ஒரு வீரர் ஆட்டத்துக்குப் புதியவராக இருக்கும் காலத்தில் வெளிவரும் அட்டையை இப்படி அழைக்கிறார்கள். ஒரு வீரருக்கு நூறு அட்டைகள் வந்திருந்தாலும் இந்த ஒன்றுக்குத்தான் போட்டி. ‘புதுமுக அட்டை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பொருளை விளக்கும் குறிப்பில், சில வீரர்களின் அட்டை மட்டும் விலை நிலைப்பது ஏன் என்றும் இரண்டு வரி எழுத வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

இராசேந்திரன் எழுதியது:

கோமதி அம்மா, ‘புதுமுகம்’ திரைப்படத்துறையின் வாடை அடிக்கும் சொல். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘அறிமுக ஆட்டம்’, ‘அறிமுக வீரர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘அறிமுக அட்டை’ என்றே வைத்துவிடலாம்.

விலைக்கான விளக்கமும் எளிது. குறைவாக அச்சானது விலை நிற்கும், மிகுதியாக அச்சானது விழும். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் அளவில்லாமல் அச்சடித்தன. அந்த அட்டைகளை இன்று சீந்துவாரில்லை. இரண்டு வரி போதும்.

பிரேமா எழுதியது:

வணக்கம். சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டை மாற்றும்போது ஒரு பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகளை என்னிடம் கொடுத்தார். எல்லாம் 1990-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனத்தினுடையவை. இராசேந்திரன் ஐயா சொல்வதைப் பார்த்தால் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடலாமா?

அன்வர் எழுதியது:

பிரேமா, பெட்டியை எங்கும் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

இராசேந்திரன் ஐயா சொன்னதில் பாதி சரி. அளவில்லாமல் அச்சடித்த காலம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அச்சு எண்ணிக்கை மட்டுமே விலையைத் தீர்மானிக்கிறது என்றால் ஒரே தாளில் ஒரே நாளில் அச்சான அட்டைகள் ஒரே விலைக்குப் போக வேண்டும். அப்படிப் போவதில்லை.

1985-ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க பேஸ்பால் அணிக்கென்று அதில் 16 அட்டைகள் ஒதுக்கப்பட்டன. வீரர்கள் எல்லாரும் கல்லூரிப் பையன்கள். 401-ஆம் எண் மார்க் மெக்வயர். 403-ஆம் எண் கோரி ஸ்நைடர். இரண்டும் ஒரே வரிசை, ஒரே அச்சு, ஒரே பாக்கெட். ஸ்நைடரும் பெரிய ஹோம் ரன் அடிப்பவராக வருவார் என்று பேசப்பட்டவர்தான். மெக்வயர் 1986 ஆகஸ்டில் பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கில் இறங்கி, அடுத்த ஆண்டு 49 ஹோம் ரன் அடித்து அன்றைய புதுமுகச் சாதனையைப் படைத்தார். ஸ்நைடரின் ஆட்டம் சில ஆண்டுகளில் சரிந்தது. அவருடைய அட்டையைச் சில்லறைக்கு வாங்கலாம்.

மெக்வயரின் கதை அங்கே முடியவில்லை. 1998-இல் 70 ஹோம் ரன் அடித்து, ரோஜர் மாரிஸ் 1961 முதல் வைத்திருந்த 61 என்ற சாதனையை முறியடித்தார். அந்தக் கோடையில் அந்த 401-ஆம் எண் அட்டை, மதிப்பீட்டு நிறுவனத்தின் தரமுத்திரை ஏதும் இல்லாமலே நூறு டாலரைத் தாண்டிப் போனது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. ஒரு பக்கம், விலையைப் பார்த்து வீட்டு இழுப்பறைகளில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மறுபக்கம், பாரி பாண்ட்ஸ் 2001-இலேயே 73 அடித்துவிட்டார். 2005 மார்ச்சில் அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில் ஊக்கமருந்தைப் பற்றிக் கேட்டபோது மெக்வயர் பதில் சொல்ல மறுத்தார். 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். இந்த இருபது சொச்ச ஆண்டுகளில் அட்டையில் ஒரு மையும் மாறவில்லை. விலை ஏறியதும் இறங்கியதும் அந்த மனிதரோடுதான்.

இராசேந்திரன் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இது என் கருத்தை முழுவதும் மறுக்கவில்லை. அந்த அட்டை அரிதாக இருந்திருந்தால் விழுந்தாலும் ஓரளவு நின்றிருக்குமே?

அன்வர் எழுதியது:

நின்றிருக்கும், ஐயா. ஆனால் மிகுதியாக அச்சாகியும் நிற்கிற அட்டை ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

கென் கிரிஃபி ஜூனியர். 1989, அப்பர் டெக் நிறுவனத்தின் முதல் வரிசை, முதல் எண். மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாத 19 வயதுப் பையனை முதல் எண்ணில் வைத்தார்கள். கையில் பொருத்தமான படமும் இல்லை. சிறிய லீக்கில் சான் பெர்னார்டினோ அணிக்காக ஆடியபோது எடுத்த படத்தில் தொப்பியைத் திருத்தி, சியாட்டில் அணியின் தொப்பியாக மாற்றினார்கள். அட்டையின் பின்பக்கம் ஒரு ஹோலோகிராம். பாக்கெட் மெழுகுத்தாளாக இல்லாமல் பளபளக்கும் உறையாக இருந்தது, விலையும் மற்ற நிறுவனங்களைவிட மிகுதி. அச்சானது எத்தனை என்று நிறுவனம் சொன்னதில்லை. ஆனால் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே பல்லாயிரம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், உச்சத்தரமான பத்து பெற்ற அட்டை ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

இத்தனைக்கும் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருது கிரிஃபிக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கன் லீக்கில் கிரெக் ஓல்சனுக்கும், நேஷனல் லீக்கில் ஜெரோம் வால்டனுக்கும் போனது. அவர்களுடைய அட்டைகளை இன்று தேடி வாங்குபவர் அரிது. 1998-இல் மெக்வயர் 70 அடித்தபோது கிரிஃபி 56 அடித்தார். ஆனால் அவர் மீது ஊக்கமருந்துக் கறை படியவில்லை. 2016-இல் புகழ் மண்டபத் தேர்தலில் இருவர் பெயரும் ஒரே வாக்குச்சீட்டில் இருந்தன. கிரிஃபி முதல் ஆண்டிலேயே 99.3 விழுக்காடு வாக்குகளோடு தேர்வானார். மெக்வயருக்கு அது பத்தாவது, கடைசி வாய்ப்பு. கிடைத்தது 12.3 விழுக்காடு.

எனவே குறிப்பில் இப்படி எழுதலாம் என்பது என் எண்ணம்: அட்டை வெளிவரும் நாளில் வாங்குபவர் கொடுப்பது, இந்தப் பையன் யாராக வருவான் என்ற ஊகத்துக்கு. அவர் ஓய்வு பெற்ற பிறகு கொடுப்பது, அவரைச் சிறுவயதில் பார்த்து ரசித்தவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஒரே அட்டைதான் வேண்டும் என்பதற்கு. 1989-இல் கிரிஃபிக்கு டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர் நிறுவனங்களும் அட்டை போட்டன. அவையும் புதுமுக அட்டைகளே. ஆனால் அவருடைய பெயரைச் சொன்னதும் சேகரிப்பாளர் நினைப்பது அப்பர் டெக்கைத்தான். அச்சு எண்ணிக்கை அதற்குப் பிறகு வரும் கணக்கு.

குமரன் எழுதியது:

விலைக் கதை சுவையாக இருக்கிறது. ஆனால் சொல்லைப் பற்றிய கேள்வி கிடப்பிலேயே இருக்கிறது. அன்வர் சொன்ன இரண்டு அட்டைகளுமே வீரர் மேஜர் லீக்கில் அறிமுகமாவதற்கு முன்பு வந்தவை. மெக்வயர் 1986-இல்தான் அறிமுகமானார், அட்டை 1985. அப்படியிருக்க அதை ‘அறிமுக அட்டை’ என்பது எப்படி?

இராசேந்திரன் எழுதியது:

அப்படியானால் ‘முதல் அட்டை’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே. வீரரின் முதல் அட்டை எதுவோ, அதுவே.

அன்வர் எழுதியது:

அதுவும் சிக்கல்தான் ஐயா. மைக் ட்ரவுட்டைப் பாருங்கள். 2009-இல் ஏஞ்சல்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்ததும் போமன் வரிசையில் அவர் கையெழுத்திட்ட அட்டை வந்துவிட்டது. மேஜர் லீக்கில் இறங்கியதோ 2011 ஜூலையில். அந்த ஆண்டு டாப்ஸ் அப்டேட் வரிசையில் வந்த அட்டையில்தான் ரூக்கி கார்டு முத்திரை இருக்கிறது. ஏனென்றால் 2006 முதல் வீரர் சங்கத்தின் விதிப்படி, மேஜர் லீக்கை எட்டிய வீரரின் அட்டைக்கு மட்டுமே அந்த முத்திரை. அதற்கு முந்தையவை எதிர்பார்ப்பு வீரரின் அட்டைகள் என்று தனியாகப் போய்விட்டன.

ஆனால் சந்தை விதியைப் பார்த்து நடக்கவில்லை. 2009 போமன் அட்டையின் ஒரேயொரு பிரதி மட்டுமே உள்ள வகை 2020 ஆகஸ்டில் 39 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஒரே பிரதி, அதிலும் கையெழுத்து என்பதால் இதை மற்றதோடு நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ட்ரவுட்டின் முதல் கையெழுத்து அட்டை எது என்றால் சேகரிப்பாளர் எவரும் 2009 என்றே சொல்வார், ரூக்கி கார்டு எது என்றால் 2011 என்பார். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

இன்னொன்று. 2022-இல் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போன மிக்கி மேண்டில் அட்டை 1952 டாப்ஸ். பலர் அதை அவருடைய ரூக்கி கார்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவருடைய ரூக்கி கார்டு 1951 போமன். விலை அதிகம் என்பதால் ரூக்கி ஆகிவிடாது.

குமரன் எழுதியது:

அப்படியானால் முத்திரை பெற்றதை ‘அறிமுக அட்டை’ என்றும், அதற்கு முன்பு சிறிய லீக் காலத்தில் வருவதை ‘நாற்று அட்டை’ என்றும் வைத்துக்கொள்ளலாம். நாற்றங்காலில் இருக்கிறவரின் அட்டை. எல்லா நாற்றும் வயலுக்குப் போவதில்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

கோமதி எழுதியது:

‘நாற்று அட்டை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 2006-க்கு முந்தையதை என்ன செய்வது? மெக்வயரின் 1985 அட்டையை எல்லாரும் ரூக்கி கார்டு என்றே அழைக்கிறார்கள். இன்றைய விதிப்படி அது நாற்று. இரண்டு காலத்தையும் தாங்கும் சொல்லாக ‘புதுமுக அட்டை’யே பொருந்துகிறது என்று தோன்றுகிறது. அறிமுகம் ஒரு குறிப்பிட்ட நாள். புதுமுகம் அப்படி இல்லை.

பிரேமா எழுதியது:

அன்வர் ஐயா, என் பெட்டியை மறந்துவிட்டீர்கள்.

அன்வர் எழுதியது:

மன்னிக்கவும். 1990 டாப்ஸில் பெரும்பாலானவற்றுக்கு விலை இல்லை என்பதில் இராசேந்திரன் ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 414-ஆம் எண், ஃப்ராங்க் தாமஸ், கல்லூரிச் சீருடையில் இருப்பார். அதைத் தனியாக எடுத்து முன்பக்கத்தைப் பாருங்கள். அச்சுப் பிழையால் சிலவற்றில் அவர் பெயர் விடுபட்டுப்போனது. பெயர் இல்லாத அந்த அட்டை அரிது, நல்ல விலை போகும். பெயர் இருந்தால் வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். போலிகளும் உலவுகின்றன. பெயர் மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் சாய்வான வெளிச்சத்தில் அந்த இடத்தின் பளபளப்பு மாறித் தெரியும்.

பிரேமா எழுதியது:

நான்கு தாமஸ் இருக்கிறார்கள். நால்வருக்கும் பெயர் இருக்கிறது.

இராசேந்திரன் எழுதியது:

கோமதி அம்மா, ‘புதுமுகம்’ என்பதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘நாற்று’க்கு எதிர்ப்பில்லை. விலைக் குறிப்பிலிருந்து அச்சு எண்ணிக்கையை அடியோடு நீக்கிவிட வேண்டாம். பிரேமாவின் பெட்டியே எனக்குச் சாட்சி.

கோமதி எழுதியது:

நீக்கவில்லை ஐயா. ரூக்கி கார்டுக்கு ‘புதுமுக அட்டை’, அதன் கீழே மாற்றாக ‘அறிமுக அட்டை’ என்று இரண்டையும் வைக்கிறேன். 2006 முத்திரைக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. கூடைப்பந்து தெரிந்தவர்கள் யாராவது மைக்கேல் ஜோர்டானின் 1986 ஃப்ளீர் அட்டையைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும். அவர் ஆட வந்தது 1984-இல். பிறகு 1986-இல் வந்த அட்டையை ரூக்கி என்கிறார்களே, அது எந்தக் கணக்கில்?