பேஜ்ரேங்க்: பெரிய ஐகன் மதிப்பு 1 வரவில்லை, 0.7472 வருகிறது. ஏன்?

நிலவன்:
எங்கள் கல்லூரித் தளத்தில் எந்தப் பக்கம் எதற்கு இணைப்பு தருகிறது என்று பட்டியல் எடுத்து, பேஜ்ரேங்க் கணக்குப் போடுகிறேன். அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு 1 வரும், அதற்குரிய ஐகன்வெக்டர்தான் தரவரிசை என்று படித்திருக்கிறேன். எனக்கு 1 வரவே இல்லை. `networkx` தரும் விடையோடும் ஒத்துப்போகவில்லை.

சிக்கலை மூன்று பக்கங்களுக்குச் சுருக்கிவிட்டேன். முகப்பிலிருந்து துறைப் பக்கத்துக்கும் ஒரு பிடிஎஃப் சுற்றறிக்கைக்கும் இணைப்பு உண்டு. துறைப் பக்கத்திலிருந்து முகப்புக்கு ஒன்று. அவ்வளவுதான்.

```python
import numpy as np
d, n = 0.85, 3
P = np.array([[0, 1, 0],
              [.5, 0, 0],
              [.5, 0, 0]])
G = d*P + (1-d)/n*np.ones((n, n))
w, V = np.linalg.eig(G)
```

பெரிய மதிப்பு 0.7472. வெக்டரைக் கூடுதல் 1 வருமாறு மாற்றினால் முகப்பு 0.4052, மற்ற இரண்டும் 0.2974. `networkx` சொல்வதோ 0.3936, 0.3032, 0.3032. இங்கே வரிசை மாறவில்லை, ஆனால் முழுத் தளத்துக்கும் ஓட்டினால் சில பக்கங்கள் இடம் மாறுகின்றன. `x = d*P@x + (1-d)/n` என்று லூப்பில் ஓட்டிப் பார்த்தால் x-இன் கூடுதல் 0.368-இல் போய் நிற்கிறது. தசமத் துல்லியப் பிரச்சினையா?

சுரேந்தர்:
துல்லியம் காரணமாக 1 என்பது 0.75 ஆகாது தம்பி. மூன்றாம் நிரலைப் பாருங்கள், முழுக்கச் சுழியம். பிடிஎஃப் யாருக்கும் இணைப்பு தரவில்லை. G-யில் முதல் இரண்டு நிரல்களின் கூடுதல் 1, மூன்றாவதற்கு வெறும் 0.15. ஒவ்வொரு நிரலும் 1 ஆனால்தான் பெரிய ஐகன் மதிப்பு 1 என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிடிஎஃபுக்குத் தன்னைத்தானே சுட்டும் ஓர் இணைப்பு போட்டுவிடுங்கள், `P[2,2] = 1`. முடிந்தது.

நிலவன்:
போட்டேன் அண்ணா. ஐகன் மதிப்பு சரியாக 1 வந்துவிட்டது. ஆனால் பிடிஎஃப் 0.7436, முகப்பு 0.1448, துறை 0.1115! ஒரு சுற்றறிக்கை கல்லூரி முகப்பைவிட ஐந்து மடங்கு முக்கியமா?

ஜவுளி_மணி:
நானும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் கடைத் தளம் கூகுளில் முதல் பக்கத்தில் வருவதில்லை. இந்த d-யை 0.85-இலிருந்து கூட்ட எந்த அமைப்பில் போக வேண்டும்?

சுரேந்தர்:
மணி சார், அது தேடுபொறிக்காரர்கள் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளும் எண். உங்கள் தளத்தில் அதற்கு அமைப்பு எதுவும் கிடையாது. தனி இழை போடுங்கள்.

செல்வி:
சுரேந்தர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், மருந்துதான் தப்பு. தன்னைத்தானே சுட்டினால், பிடிஎஃபில் நுழைந்தவர் ஒவ்வொரு அடியிலும் 85 சதவீத வாய்ப்போடு அங்கேயே நிற்கிறார். வெளியே வர மீதி 15 சதவீதம்தான் வழி. உள்ளே வரும் மதிப்பு 1/0.15 மடங்காக, அதாவது ஆறரை மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடும். நிலவன், உங்கள் 0.1115-ஐ 0.15-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 0.7436 தானாக வரும். ஐகன் மதிப்பு 1 என்பதால் மட்டும் அணி சரி என்று ஆகிவிடாது.

வழக்கமான மருந்து, சுழிய நிரலில் எல்லா இடத்திலும் 1/n போடுவது. இணைப்பே இல்லாத பக்கத்துக்கு வந்தவர் தளத்தில் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார் என்று பொருள். `networkx`-உம் சொல்லாமலே இதைத்தான் செய்கிறது. பெரிய தளமென்றால் அணியை நிரப்ப வேண்டாம், நினைவகம் தாங்காது. இப்படி யாருக்கும் இணைப்பு தராமல் தொங்கும் பக்கங்களின் மதிப்பை மட்டும் கூட்டிப் பகிர்ந்தால் போதும்:

```python
a = (P.sum(axis=0) == 0)
x = np.ones(n)/n
for _ in range(100):
    x = d*(P @ x + x[a].sum()/n) + (1-d)/n
```

இனி உங்கள் மூன்று விடைகளும் ஏன் வேறுபட்டன என்பது. 0.368-இல் நின்ற லூப் விடையைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் முகப்பு 0.1448, மற்றவை 0.1115 இருக்கும். கடைசியில் ஒரே ஒரு முறை கூடுதலால் வகுத்தால் 0.3936, 0.3032 என்று `networkx` விடையே கிடைக்கும். தற்செயல் இல்லை. தொங்கும் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் சமமாகப் பகிர்வதும், (1-d)/n என்று எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதும் ஒரே வகைக் கூட்டல். கூட்டும் அளவு கூடினால் எல்லா மதிப்பும் ஒரே விகிதத்தில் கூடும், ஒன்றுக்கொன்றான விகிதம் மாறாது.

ஐகன்வெக்டரில் அப்படி இல்லை. G-யின் ஐகன்வெக்டரைக் கேட்பது, ஒவ்வொரு அடியிலும் கூடுதலால் வகுப்பதற்குச் சமம். அப்போது இணைப்பு வழி வரும் பங்கையும் சேர்த்து 0.7472-ஆல் வகுக்கிறீர்கள். 0.85/0.7472 என்பது ஏறக்குறைய 1.138. அதாவது d-யை உங்களுக்கே தெரியாமல் 1-க்கு மேலே ஏற்றிவிட்டீர்கள். முகப்பு 0.3936-இலிருந்து 0.4052-க்குப் போனது அதனால்தான். முழுத் தளத்தில் பக்கங்கள் இடம் மாறுவதற்கும் இதையே சந்தேகிக்கிறேன்.

நிலவன்:
அக்கா, சுழிய நிரலை 1/3 ஆக்கி `eig` ஓட்டினேன். மதிப்பு 1, வெக்டர் 0.3936, 0.3032, 0.3032. லூப்பும் அதே. முழுத் தளத்திலும் `networkx`-ஓடு ஒத்துப்போகிறது, ஓரிரு பக்கங்கள் தவிர. அதை இன்னும் பார்க்க வேண்டும்.

மேற்கோள்_வலை:
என் அனுபவம் ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களுக்கு இதையே போட்டேன். கட்டுரை தனக்கு முந்தியதைத்தான் சுட்டும், வட்டமே வராது. அதனால் P-யின் ஐகன் மதிப்புகள் எல்லாமே 0. அங்கே (1-d)/n இல்லாவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. சமமாகப் பகிர்ந்தாலும் பழைய கட்டுரைகள்தான் மேலே நின்றன. மதிப்பு எப்போதும் பின்னோக்கியே ஓடுகிறதே!

சுரேந்தர்:
சரி, தன்னைச் சுட்டுவதை விட்டுவிடுகிறேன். ஆனால் "ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார்" என்பதும் எனக்கு ஒட்டவில்லை. பிடிஎஃபைப் படித்தவர் பின்செல் பொத்தானைத்தானே அழுத்துவார்? அந்த நிரலில் முகப்புக்கு 1 போட்டேன். ஐகன் மதிப்பு 1. முகப்பு 0.4865, மற்றவை 0.2568.

செல்வி:
மாதிரியாக அது நியாயம்தான். ஆனால் பிடிஎஃபைப் பத்துப் பக்கங்கள் சுட்டினால் எந்தப் பக்கத்துக்குப் பின்செல்வது? சமமாகப் பிரித்தாலும், நிறைய பிடிஎஃப் வைத்திருக்கும் பக்கம் கொடுத்ததில் பெரும் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கல்லூரித் தளத்தில் சுற்றறிக்கைப் பட்டியல் பக்கம் அப்படித்தான் ஏறும். பேஜும் பிரினும் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய அறிக்கையில் தொங்கும் பக்கங்களை எடுத்துவிட்டுக் கணக்கிட்டு, பிறகு சேர்த்தார்கள். இங்கே அப்படிச் செய்தால் முகப்பும் துறையும் ஆளுக்கு 0.5. எடுக்க எடுக்கப் புதிதாகச் சில பக்கங்கள் தொங்க ஆரம்பிக்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

சுரேந்தர்:
சுற்றறிக்கைப் பட்டியல் ஏறினால் என்ன? மாணவர்கள் தினமும் போவது அங்கேதானே.

நிலவன்:
ஏறித்தான் இருக்கிறது அண்ணா, உங்கள் முறையில் முகப்புக்கு அடுத்த இடம். சமமாகப் பகிர்ந்தால் நன்றாகக் கீழே போய்விடுகிறது. சர்வர் பதிவில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று இருக்கும், அதைக் கேட்டு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் போடுகிறேன்.