புதுப்பிப்பு: புல்வெளிப் படத்தில் சேர்த்த தாத்தா

முன்பு கேட்டது: "புல்தரையில் எடுத்த குடும்பப் படத்தில் தாத்தாவைச் சேர்த்தேன், ஒட்டவைத்தது போலவே தெரிகிறார். என்ன செய்யலாம்?"

உதவிய அனைவருக்கும் நன்றி. உருவம் முழுவதற்கும் பச்சைச் சாயல் ஏற்றும் யோசனை பாதிதான் பலித்தது; வேட்டி பொருந்தினாலும் முகம் நோயுற்றதாகத் தெரிந்தது. புல்லில் பட்டுத் திரும்பும் ஒளி கீழ்நோக்கிய பரப்புகளையே அதிகம் தொடும் என்றவரின் வழியே கைகொடுத்தது: தாத்தாவின் லேயருக்கு மேல் கிளிப் செய்து, Color கலப்பு முறையில் வைத்த புதிய லேயரில், அருகிலிருந்த புல்லின் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் வேட்டியின் கீழோரத்தில் 20% அளவில் தொடங்கி, முழங்காலுக்குள் மங்கவிட்டு, மோவாயின் அடியில் மிக இலேசாகப் பூசினேன்.

எதிர்பாராதது, Color முறை தூய வெள்ளையில் எதையும் மாற்றாது என்பதுதான். வேட்டிக்கு மட்டும் Multiply தேவைப்பட்டது. தம் வீடியோவில் பச்சைத்திரையின் நிறம் ஆள்மீது படிவதைப் பற்றியே பேசிய நண்பரால் இன்னொன்றும் புலப்பட்டது: பழைய படத்தின் செங்கல் சுவர் இடக்கைச் சட்டையில் விட்டிருந்த சிவப்பை, Hue/Saturation பகுதியில் Reds செறிவைக் குறைத்து, மாஸ்க் மூலம் அந்தக் கையோடு நிறுத்தி, முதலில் நீக்க வேண்டியிருந்தது. செருப்பின் பளபளப்பு மட்டும் இன்னும் பொருந்தவில்லை.