வீட்டை நிமிர்த்தினால் புது வானம் இழுபடுகிறது, வழி சொல்லுங்கள்

புளியரைக்காரன்:
செங்கோட்டைப் பக்கம் பழைய ஓட்டு மாடிவீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், அதன் விளம்பர அட்டைக்குப் படம் வேண்டும். தெரு குறுகல், பின்னால் நகர இடமில்லாததால் போனை மேல்நோக்கிப் பிடித்துத்தான் எடுக்க முடிந்தது. வெளுத்த வானத்தையும் பின்னால் நின்ற செல்போன் டவரையும் எடுத்துவிட்டு மேகமும் மலையும் வைத்தாயிற்று. ஆனால் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்வதால் வீடு பின்னால் விழுவது போலவே இருக்கிறது. லேயர்களை ஒன்றாக்கி லைட்ரூமில் `Vertical` தள்ளினால் வீடு நிமிர்கிறது, ஆனால் மேகம் மேல் மூலைகளில் இழுபடுகிறது, மலை கூராக நீள்கிறது, கீழே இரண்டு ஓரத்திலும் வெள்ளை முக்கோணம் விழுகிறது. அட்டை அச்சுக்குப் போகவேண்டும், உதவுங்கள்.

களியக்காவிளை அனி:
வரிசையை மாற்றுங்கள் அண்ணே. வானம் வைக்காத மூலப்படத்தை முதலில் நிமிர்த்திவிட்டு, அதற்குப் பிறகு வானத்தை வெட்டுங்கள். `Auto` அழுத்தினாலே போதும். வெள்ளை முக்கோணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், புது வானம் வந்து மூடிக்கொள்ளும்.

நாஞ்சில் வள்ளி:
வரிசை பற்றி அனி சொன்னது சரி, முக்கோணம் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தாது. மேல்நோக்கி எடுத்த படத்தை நிமிர்த்தும்போது மேல்பக்கம் விரியும், கீழ்பக்கம் ஒடுங்கும், அதனால் காலியிடம் கீழ் மூலைகளில்தான் வரும். அங்கே இருப்பது தெருவும் காம்பவுண்டுச் சுவரும், வானம் அங்கே எட்டாது. மாடியிலிருந்தோ ட்ரோனிலிருந்தோ கீழ்நோக்கி எடுத்த படமென்றால்தான் காலியிடம் மேலே வரும், வானம் மூடும்.

எவ்வளவு போகும் என்றும் பாருங்கள். போனின் சாதாரண லென்ஸைப் படுக்கையாக வைத்து 15 டிகிரி அளவுக்கு மேல்நோக்கிப் பிடித்திருந்தால், நிமிர்த்திய பின் கீழ்விளிம்பு மேல்விளிம்பின் முக்கால் அகலம்தான் இருக்கும். வீட்டின் இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுத்த பிரேம் ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

முதலில் `Enable Profile Corrections` போடுங்கள். லென்ஸால் சுவர் வில்லாக வளைந்திருந்தால் எந்தக் கோடும் அதில் முழுதாக ஒட்டாது. அப்புறம் `Transform` பகுதியில் `Guided` எடுத்து, வீட்டின் இடக்கோடி மூலையில் ஒரு கோடு, வலக்கோடி மூலையில் ஒரு கோடு போடுங்கள். நடுவில் அருகருகே போட்டால் கை சற்றுப் பிசகினாலும் ஓரங்களில் பெரிதாகத் தெரியும். மின்கம்பத்தையும் தென்னையையும் நம்பாதீர்கள், அவை நிஜத்திலேயே சாய்ந்திருக்கும். `Constrain Crop` இப்போதைக்கு வேண்டாம், பின்னணி வைத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நிமிர்த்திய படத்தில் ஓட்டு விளிம்பைப் புதிதாக வெட்டுங்கள். பழைய மாஸ்க்கையும் சேர்த்து இழுத்தால் ஓட்டு நுனியெல்லாம் மழுங்கி, பழைய வெள்ளை வானம் ஒரு கீற்றாக ஒட்டி நிற்கும்.

சுசீந்திரத்தான்:
எனக்கும் இதேதான் அக்கா. தாணுமாலயன் கோயில் கோபுரத்தை நிமிர்த்தினால் ஏழு நிலையும் பெட்டி மாதிரி, தலை கனத்து நிற்கிறது. கோபுரத்தின் இரண்டு விளிம்பிலும்தான் கோடு போட்டேன்.

நாஞ்சில் வள்ளி:
கோபுரம் கட்டும்போதே மேலே குறுகிக்கொண்டு போவதுதானே, அந்தச் சரிவு கேமரா செய்தது இல்லை. விளிம்பை விட்டுவிட்டு வாசல் நிலைக்கல்லிலும் முன்மண்டபத் தூண்களிலும் கோடு போடுங்கள். நேராக எதிரில் நின்று எடுத்திருந்தால், நடுக் கலசம் வாசலின் நடுவுக்கு நேர்மேலே வரும். வரவில்லையென்றால் படம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது.

புளியரைக்காரன்:
மூலைக்கு மூலை கோடு போட்டதும் சுவர் நிமிர்ந்துவிட்டது. கீழ் முக்கோணத்தில் பக்கத்துச் சுவரையே நகலெடுத்து நிரப்பினேன். ஆனால் மலையை வைத்தால் வீடு பள்ளத்தில் இருப்பது போலத் தெரிகிறது.

நாஞ்சில் வள்ளி:
மலையின் அடிவாரம் எங்கே வருகிறது? நிமிர்த்திய படம், கேமராவைச் சாய்க்காமல் பிடித்த படத்துக்குச் சமம். அதில் தொடுவானம் உங்கள் கண் உயரத்தில், கிட்டத்தட்ட வாசற்கதவின் தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே ஓடவேண்டும். மலைப்படத்தின் தொடுவானத்தை அந்தக் கோட்டுக்கு இறக்குங்கள், பாதி வீட்டுக்குப் பின்னால் மறைந்தாலும் பரவாயில்லை. மலைப்படமும் மேல்நோக்கி எடுத்ததாக இருக்கக்கூடாது.

புளியரைக்காரன்:
இறக்கினேன், உட்கார்ந்துவிட்டது, நன்றி அக்கா. இன்னும் ஒன்று: வீடு கொஞ்சம் நெட்டையாகத் தெரிகிறதே?

களியக்காவிளை அனி:
முழுதாக நிமிர்த்தாதீர்கள் அண்ணே, நான் எப்போதும் லேசான சாய்வு விட்டுவிடுவேன். தெருவில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அதுதான் இயல்பு.

நாஞ்சில் வள்ளி:
சாய்வு விட்டால் பின்னணி ஒட்டாது, நான் முழுதாகத்தான் நிமிர்த்துவேன். நெட்டைக்கு `Aspect` இருக்கிறது. மாடி ஜன்னல் ஒன்றின் அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து, படத்திலும் அதே விகிதம் வரும்வரை தள்ளுங்கள். பின்னணி வைப்பதற்கு முன்பே செய்யவேண்டும்.

புளியரைக்காரன்:
ஜன்னலை நாளை அளந்துவிடுகிறேன். சாய்வு விடுவதா வேண்டாமா என்று இரண்டு விதமும் செய்து வீட்டுக்காரரிடம் காட்டப்போகிறேன்.