63-ல் எடுத்த ஆட்டுத்தொடை 70-க்குப் போனது ஏன்?

கதிர்: 2 கிலோ ஆட்டுத்தொடை, எலும்போடு. 200 டிகிரி ஓவனில் வைத்து, நடுவில் 63 காட்டியதும் வெளியே எடுத்து மூடி வைத்தேன். உள்ளே லேசாகச் சிவந்திருக்கும் என்று நினைத்தேன். 20 நிமிடம் கழித்து வெட்டினால் சாம்பல் நிறம், தெர்மாமீட்டர் 70 காட்டுகிறது. எப்போது எடுத்திருக்க வேண்டும்?

செல்வி: அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றியிருப்பீர்கள். திறந்து வைத்திருந்தால் ஏறியே இருக்காது.

அன்வர்: திறந்து வைத்தாலும் ஏறும் செல்வி அக்கா. நடுவில் 63 இருக்கும்போது வெளிப்புறக் கறி அதைவிட ரொம்பச் சூடாக இருக்கும். ஓவனை விட்டு எடுத்ததும் அந்தச் சூட்டில் கொஞ்சம் காற்றில் போகும், மீதி உள்ளே இறங்கும். கறிக்குள் சூடு மெதுவாக நகர்வதால் நடுப்பகுதி கால் மணி நேரத்துக்கு மேலும் ஏறிக்கொண்டிருக்கும். தாள் போட்டால் வெளியே போகும் சூடு குறைகிறது, ஏற்றம் கூடுகிறது. மேல் மொறுமொறுப்பும் நமுத்துவிடும்.

செல்வி: சரி, அப்படியானால் எந்தக் கறியானாலும் 7 டிகிரி முன்பே எடுத்துவிடலாமே?

அன்வர்: அப்படிச் செய்தால் மெல்லிய சாப்ஸ் பச்சையாக நிற்கும். அதில் தேங்கியிருக்கும் சூடு குறைவு, ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறும். இதே தொடையை 120 டிகிரி ஓவனில் நிதானமாக வேகவைத்தால் வெளிக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைவு, இரண்டு மூன்று டிகிரியோடு நின்றுவிடும். கதிர், உங்கள் ஓவனுக்கு 56-ல் எடுத்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் முனை எலும்பில் படாமல், கறி தடிப்பான இடத்தில் இருக்கட்டும். எடுத்த பிறகும் அதைப் பிடுங்காதீர்கள். எண் ஏறி நின்று இறங்கத் தொடங்கும். உச்சத்தைக் குறித்துக்கொண்டால் அடுத்த முறைக்கு அதுவே கணக்கு. 60-லேயே நின்றுவிட்டால் திரும்ப ஓவனில் வையுங்கள்.

முருகேசன்: எங்கள் வீட்டு மட்டன் குழம்பும் இப்படித்தான். குக்கரை அணைத்து அரை மணி கழித்துத் திறந்தால் கறி குழைந்து நாராகிவிடுகிறது.

அன்வர்: அது வேறு கதை முருகேசன் அண்ணே. குக்கரில் கறி முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும், வெளியிலிருந்து உள்ளே இறங்க எதுவும் மிச்சமில்லை. ஆவி அடங்கும்வரை குழம்பு 100 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது, அதில் கறி வெந்துகொண்டிருக்கிறது. ஒரு விசில் குறைத்துப் பாருங்கள்.

செல்வி: ஆட்டுக்கறிக்கு ஒத்துக்கொள்கிறேன். முழுக்கோழியை 74-க்கு முன்னால் எடுக்கவே மாட்டேன்.

அன்வர்: நான் 70-ல் எடுப்பேன். ஆனால் நெஞ்சுக்கறியின் தடிப்பான இடத்தில் 74 தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெட்டுவேன். தொடையைத் தனியாகக் குத்திப் பார்ப்பேன்.

செல்வி: மின்விசிறிக்குக் கீழே வைத்து, அது 72-லேயே நின்றுவிட்டால்? சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீடு. நெஞ்சுக்கறி கொஞ்சம் வறண்டாலும் எனக்குப் பரவாயில்லை.

அன்வர்: நின்றால் திரும்ப ஓவனுக்குத்தான் போகும் அக்கா. வறண்ட கோழியை என் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள்.

கதிர்: ஞாயிற்றுக்கிழமை 56-ல், தாள் இல்லாமல் எடுக்கிறேன். எங்கே நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.