கடைக்காரருக்கு கோல் எடுக்கும்போது முதல் வரியை எப்படிச் சொல்வது?

வணக்கம். ஹட்டனில் தேயிலைத்தூள் பக்கெட் போட்டு, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கக் கடைகளுக்கு கோல் எடுத்து விற்கிறேன். ஆரம்ப வரியில்தான் சிக்கல்.

முன்பு "வணக்கம் முதலாளி, எப்படி சுகம்?" என்பேன். தெரியாத ஆள் சுகம் விசாரித்தாலே விற்க வந்தவன் என்று விளங்கிவிடும். "பிறகு எடுங்க" என்று வைத்துவிடுவார்கள்.

இப்போது பெயர், ஊர் சொன்ன கையோடு இப்படிச் சொல்கிறேன்: "தேயிலைத்தூள் விஷயமா எடுத்தேன் முதலாளி. அரை நிமிஷத்துல சொல்றேன், சரிவராட்டி வச்சிடுங்க. கடையில ஆள் நின்னா எத்தனை மணிக்கு எடுக்கட்டும்?" பலர் "சொல்லுங்க" என்கிறார்கள். நேரம் குறித்துத் தந்தவர்களும் உண்டு; அந்த நேரத்துக்குச் சரியாக எடுத்தால் குரலே மாறியிருக்கும்.

அந்த அரை நிமிடத்துக்குப் பிறகுதான் தடுமாற்றம். "50 கிராம் பக்கெட் வேணுமா?" என்றால் "வேணாம்", கதை முடிந்தது. அதனால் "எந்த சைஸ் பக்கெட் உங்ககிட்ட சீக்கிரம் போகுது?" என்று மாற்றினேன். ஒரு முதலாளி, "சம்பளம் போட்ட கிழமை பெரிசு, மாசக் கடைசியில சின்னது" என்று அவராகவே பேசி, கடைசியில் சின்னதில் இரண்டு டசின் கேட்டார். இன்னொருவரோ, "அத ஏன் கேக்கிறீங்க, வரிக்காரரா?" என்றார்! அவரைக் குறை சொல்ல முடியாது.

விசாரணை போலத் தோன்றாமல் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கலாம்? காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்பதா? கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்கு வந்த கோல்களில் எந்த வரிக்கு நின்று பதில் சொன்னீர்கள்?