கொழும்பில் இட்லி மாவு விற்க நினைக்கிறேன்: கிரைண்டர் இப்போதே வாங்கலாமா?

கோவை மருமகள்: கணவரின் வேலைக்காகக் கோவையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. வீட்டில் அரைத்த இட்லி மாவை அரைக் கிலோ பாக்கெட்டாக விற்க ஆசை. எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன். நாற்பது பேர் வாங்குவதாகச் சொன்னார்கள். ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு 210 ரூபாய் செலவு, விலை 400. 1,40,000 ரூபாய்க்கு ஒரு பெரிய கிரைண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா?

பம்பலப்பிட்டி வாசி: காலி வீதிக் கடைகளிலேயே அரைத்த மா கிடைக்கிறதே தங்கச்சி, எதற்கு மினக்கெட்டு அரைக்கிறீர்கள்?

கோவை மருமகள்: எனக்கு வேண்டியதில்லை அண்ணா, நான் விற்கப் போகிறேன்.

காலி வீதி அக்கா: கிரைண்டர் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்கிறாளே என்று அழுத்தியவர்கள் அதில் நிறைய இருப்பார்கள். காசு அனுப்பியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வீட்டுக் கிரைண்டரில் ஒரு தடவைக்கு இரண்டரைக் கிலோ மா வருமென்றால், மூன்று தடவைக்கு பதினைந்து பாக்கெட். இந்த வாரம் பதினைந்துதான் என்று எழுதுங்கள். குழுவில் ஒரே ஒரு செய்தி போதும், அதற்கும் முதலில் நிர்வாகியிடம் கேளுங்கள். விலை, எடுக்கும் நேரம், செவ்வாய் இரவுக்குள் முழுப் பணம், இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஓடர் தனிச் செய்தியில் வரட்டும். குழுவிலேயே எடுத்தால் ஒருவரைப் பார்த்து மற்றவரும் "எனக்கும்" என்பார், பணம் வராது. வங்கித் துண்டின் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் பணம் விழுந்ததா என்று பார்த்த பிறகு உளுந்தை ஊறப்போடுங்கள்.

செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியும். வாசித்தவர்கள் பலர், பணம் கட்டியவர்கள் ஓரிருவர் என்றால் விலையோ பொருளோ பிடிக்கவில்லை. வாசித்தவர்களே குறைவென்றால் செய்தி போன நேரம்தான் சரியில்லை.

விநியோகத்தை வியாழன் மாலைக்கு வையுங்கள். இங்கே பல தமிழ் வீடுகளில் வெள்ளிக்கிழமை சைவம். வாடகை மோட்டார் சைக்கிளில் அனுப்பினால் 190 ரூபாய் லாபம் அதிலேயே கரைந்துவிடும். கீழ்த்தளத்தில் வந்து எடுக்கச் சொல்லுங்கள். கொழும்பு வெக்கையில் மா சீக்கிரம் பொங்கும், பாக்கெட் உப்பி வெடிக்கும். பாதி புளித்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே இடம் விட்டுக் கட்டுங்கள்.

இனி கணக்கு. வாரம் பதினைந்து விற்றால் லாபம் 2,850 ரூபாய். கிரைண்டர் காசு திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம். ஐம்பது விற்றால் 9,500, பதினைந்து வாரத்தில் திரும்பும். ஆகவே பதினைந்து தீர்ந்த பின் வருகிறவரிடம், "அடுத்த வாரத்துக்கு இப்போதே பணம் கட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். அந்த வரிசை வாரா வாரம் நீள வேண்டும். முதல் வாரம் வாங்கியவர்கள் மூன்றாம் வாரமும் தாங்களாகவே கட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் கிரைண்டரைப் பற்றிப் பேசலாம்.

சேலைக்காரி, கொட்டாஞ்சேனை: முழுப் பணம் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. நான் சென்னையிலிருந்து சேலை எடுப்பதாக முன்பணம் வாங்கினேன். அனுப்புகிறவர் இழுத்தடித்தார், எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதிப் பணமே நல்லது.

காலி வீதி அக்கா: பொருள் வேறொருவர் கையில் இருந்தால் நீங்கள் சொல்வதே சரி. மா இவர் கையிலேயே இருக்கிறது, இரண்டு நாளில் கொடுத்துவிடுவார். 400 ரூபாயில் பாதியை வாங்கி மீதிக்கு அலைவது வீண் வேலை.

புதியவன்: ஒரு குழுவில் 400, இன்னொன்றில் 450 என்று போட்டால் எந்த விலை சரியென்று தெரிந்துவிடும். வீட்டு வியாபாரம்தானே, அனுமதி எதுவும் தேவையில்லை.

காலி வீதி அக்கா: பெரிய ஊர்களில் அந்த விலைச் சோதனை சரிவரலாம். வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் குழுவில் இருப்பவரே பாடசாலைப் பெற்றோர் குழுவிலும் இருப்பார். படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள், பெயர் கெடும். அரைக் கிலோ 400, ஒரு கிலோ 750 என்று இரண்டு அளவு வையுங்கள். எது ஓடுகிறது என்பதிலேயே விலையைப் பற்றியும் தெரியும்.

அனுமதி தேவையில்லை என்று சொல்லாதீர்கள். தங்கச்சி, கணவரோடு வந்த வீசா என்றால் அதில் தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று பணம் வாங்குவதற்கு முன்பே பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தில் கேளுங்கள். உணவு விற்பதற்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கேளுங்கள்.

கோவை மருமகள்: வீசாவை நினைக்கவே இல்லை அக்கா, திங்கட்கிழமை போகிறேன். இன்னொன்று: ஓகஸ்டில் தொடங்கலாமா?

பம்பலப்பிட்டி வாசி: நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில் நிற்பார்கள். ஓடர் குறைந்தால் மாவில் குறையா, ஆள் இல்லையா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

சேலைக்காரி, கொட்டாஞ்சேனை: போகாமல் நிற்பவர்கள் திருவிழா முடியும்வரை சைவம்தானே சாப்பிடுவார்கள்? மா கூடப் போகலாம். நானென்றால் ஓகஸ்டிலேயே தொடங்குவேன்.